ஹெச்.ஆர். ‘போலீஸ் வெரிஃபிகேஷன்’ கேட்டால் முதலில் என்ன கேட்கணும்?

தங்கச்சி, ஆஃபர் லெட்டரில் ‘போலீஸ் வெரிஃபிகேஷன், முகவரிச் சான்று சமர்ப்பிக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் ஸ்டேஷனுக்கு ஓடாதே. அந்த வரிக்கு மூன்று அர்த்தம் உண்டு. உன் கம்பெனி எதைச் சொல்கிறது என்று ஹெச்.ஆரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த வேலை.

முதலாவது, கம்பெனி அமர்த்தும் வெளி ஏஜென்சி செய்யும் சரிபார்ப்பு. உன் பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றையும் வைத்து நீதிமன்ற வழக்குப் பதிவுகளில் தேடுவார்கள். வீட்டுக்கு ஆள் வரலாம், அல்லது இருக்கும் இடத்தைப் பதிவுசெய்ய போனுக்கு ஒரு லிங்க் வரலாம். நீ கொடுக்க வேண்டியது கையெழுத்திட்ட சம்மதமும் முகவரிச் சான்றும் மட்டுமே, ஸ்டேஷன் பக்கமே போக வேண்டியதில்லை. இரண்டாவது, தமிழ்நாடு காவல்துறையின் ஆன்லைன் சரிபார்ப்பு அறிக்கை. மூன்றாவது, பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி. இது வெளிநாட்டு வேலை, குடியேற்றம், நீண்டகால விசாவுக்கானது. உள்ளூர் கம்பெனி வேலைக்கு இதை வாங்கப் போனால் காசும் நாளும் வீண்.

ரெக்ரூட்டர் கன்சல்டன்சிக்காரராக இருந்தால் இந்த வித்தியாசம் அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அப்போது, “ஆன்போர்டிங் டீமின் மெயில் ஐ.டி. கொடுங்க, நேரடியாகக் கேட்டுக்கறேன்” என்று சொல். போனில் கேட்டதை வைத்துக்கொண்டு எதுவும் செய்யாதே. மெயிலில் பதில் இருந்தால்தான் பின்னால் தேதி தள்ளிப்போகும்போது காட்ட முடியும். இப்படி எழுதலாம்:

“வணக்கம். ஆஃபர் லெட்டரில் உள்ள போலீஸ் வெரிஃபிகேஷனை உங்கள் ஏஜென்சியே செய்யுமா, அல்லது தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் நான் விண்ணப்பித்து அறிக்கை தர வேண்டுமா? தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி இரண்டுக்கும் வேண்டுமா? எனக்குத் தற்போதைய முகவரி சிந்தாதிரிப்பேட்டை, ஆதாரில் திருநெல்வேலி. முகவரிச் சான்றாக எந்தெந்த ஆவணங்களை ஏற்பீர்கள்? பொதுவாக எத்தனை நாள் ஆகிறது? சேரும் தேதிக்குள் அறிக்கை வராவிட்டால், விண்ணப்ப ரசீதை வைத்துச் சேர முடியுமா? கட்டணம் யாருடையது?”

கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் (eservices.tnpolice.gov.in) தனிநபர் தானே விண்ணப்பித்தால் 500 ரூபாய், நிறுவனம் விண்ணப்பித்தால் 1,000 ரூபாய் என்று கட்டணம் வைத்து இந்தச் சேவையைத் தொடங்கினார்கள். கட்டும் முன் இப்போதைய தொகையைத் தளத்திலேயே பார்த்துக்கொள். பணம் அந்தத் தளத்தின் வழியாகத்தான் போகும். “வெரிஃபிகேஷன் ஃபீஸை என் ஜிபேக்கு அனுப்புங்க, நாங்களே முடிச்சுத் தர்றோம்” என்று யாராவது சொன்னால், அந்த வேலையே பொய் என்று எடுத்துக்கொள்.

இப்போது சிந்தாதிரிப்பேட்டைக்கு வருவோம். இங்கே நிறையப் பெண்களுக்குச் சிக்கல் வருவது முகவரியில்தான். அய்யா முதலி தெருவில் ஒரு வீட்டின் பின் போர்ஷனில் இரண்டு பேராக வாடகைக்கு இருக்கிறாய் என்று வைத்துக்கொள். ஒப்பந்தம் தோழி பெயரில், கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில், ஆதார் ஊர் முகவரியில் இருக்கிறது. நீ அங்கே இருக்கிறாய் என்று சொல்லும் காகிதம் ஒன்றுகூட இல்லை. போதாக்குறைக்கு ஒரே வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. விண்ணப்பத்தில் ஒரு எண்ணும் ஒப்பந்தத்தில் இன்னொரு எண்ணும் இருந்தால், தேடி வருகிறவர் தெருவில் சுற்றிவிட்டு ‘முகவரியில் ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. அதனால் எல்லா இடத்திலும் ‘புதிய எண் இது, பழைய எண் இது, பின் போர்ஷன், முதல் மாடி’ என்று ஒரே மாதிரி எழுது. வீட்டுக்காரர் பெயரையும் சேர். முன் வாசலில் இருக்கிறவர்களிடம் உன் முழுப்பெயரைச் சொல்லி வை. பக்கத்து வீட்டில் உன்னைச் செல்லப்பெயரில் மட்டும் தெரிந்திருந்தால், ஆதார் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது “அப்படி யாரும் இல்லையே” என்றுதான் பதில் வரும்.

காகிதத்துக்கு வழி இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் உன் பெயரையும் சேர்க்கச் சொல். தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். பதிவெண்ணோடு இருக்கும் ஒப்பந்தத்தை யாரும் எளிதில் தட்டிக்கழிக்க மாட்டார்கள். வீட்டுக்காரர் அதற்கு உடனே இறங்கிவரவில்லை என்றால், ‘இன்னார் இந்த மாதத்திலிருந்து என் வீட்டில் குடியிருக்கிறார்’ என்று ஒரு கடிதமும், கூடவே கரண்ட் பில் நகலும் வாங்கிக்கொள். லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தால் லெட்டர்ஹெட்டில் வார்டன் கடிதம். இந்தக் கடிதங்களை ஏற்பார்களா என்பதைத்தான் மெயிலில் கேட்கிறோம்.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. ஆதார் வைத்து வங்கிக் கணக்கு தொடங்கியவர்கள், இப்போது வேறு இடத்தில் இருந்தால், தற்போதைய முகவரியை வங்கியில் சுய உறுதிமொழி கொடுத்துப் பதிவு செய்யலாம். பிறகு வரும் ஸ்டேட்மென்ட்டில் சிந்தாதிரிப்பேட்டை முகவரி இருக்கும். பல கம்பெனிகளுக்கு அது போதும்.

இந்த அவசரத்தில் ஆதார் முகவரியை மாற்றாதே என்பது என் உறுதியான கருத்து. ஊர் முகவரி உன் நிரந்தர முகவரியாகவே இருக்கட்டும். சரிபார்ப்பு நடக்கும்போது அதை மாற்றினால், கொடுத்த நகலும் புது ஆதாரும் ஒத்துப்போகாமல் மறுபடி கேள்வி வரும். ஆதார் நகல் அனுப்பும்போது கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த நகலை ஏற்பார்களா என்றும் கேட்டுக்கொள்.

எத்தனை நாள்? காவல்துறை இந்தச் சேவைக்குச் சொன்ன கணக்கு 15 நாள். நான் மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளச் சொல்வேன். தேர்தல், பெரிய பந்தோபஸ்து வரும் நாட்களில் ஸ்டேஷன் ஆட்கள் அதற்குப் போய்விடுவார்கள். நிரந்தர முகவரியையும் பார்க்க வேண்டுமென்றால் திருநெல்வேலி ஸ்டேஷனிலிருந்தும் பதில் வர வேண்டும். ஜூலை 1 சேரும் தேதி என்றால் ஜூன் 8, 9 தேதிக்குள் பணம் கட்டி விண்ணப்பம் போயிருக்க வேண்டும். காகிதம் சேர்க்க அதற்கு முன் ஒரு வாரம். ஆக, மே மாதக் கடைசியிலேயே அந்த மெயில் போயாக வேண்டும். வேறு மாநிலத்தில் படித்தோ வேலை பார்த்தோ இருந்திருந்தால், அந்த இடத்துக்குத் தனியாகச் சான்று வேண்டுமா என்பதையும் அதே மெயிலில் சேர்த்துவிடு. தமிழ்நாட்டுத் தளம் அதற்கு உதவாது.

முன்பே வாங்கி வைத்த அறிக்கை கையில் இருந்தால், எவ்வளவு பழையதுவரை ஏற்பார்கள் என்று கேள். அது வாங்கிய தேதிவரைக்கும்தான் பேசும். புதியதுதான் வேண்டும் என்று பல இடங்களில் சொல்வார்கள்.

விண்ணப்பித்தபின் விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வை, தளத்திலேயே நிலை பார்க்கலாம். இரண்டு வாரம் கடந்தும் நகரவில்லை என்றால், எஃப்-1 சிந்தாதிரிப்பேட்டை காவல் நிலையத்துக்குக் காலை நேரத்தில் போ. விண்ணப்ப எண், ஆதார் அசல், வீட்டுக்காரர் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும். “வெரிஃபிகேஷன் யார் பார்க்கிறாங்க சார்?” என்று கேட்டால் அந்த ஆளைக் காட்டுவார்கள். அன்றைக்கே ஆன்போர்டிங் டீமுக்கு ரசீதோடு ஒரு வரி எழுதிவிடு: “விண்ணப்பம் நிலுவையில் உள்ளது, ஸ்டேஷனில் விசாரித்தேன், அறிக்கை வந்ததும் அனுப்புகிறேன்.” அறிக்கை வந்ததும் பெயர், அப்பா பெயர், கதவு எண் சரியா என்று பார்த்துவிட்டு, போட்டோ எடுத்து அனுப்பாமல், இறக்கிய பி.டி.எஃப். கோப்பையே அப்படியே அனுப்பு.