பாடம் தொடங்கும் முன் ஒரு தாள்: மதிப்பெண் போடாமல் அடித்தளத்தைப் பார்க்கச் சில குறிப்புகள்

பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தசம எண்களின் பெருக்கல், வகுத்தல் எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போன வருடப் பாடத்தில் எது மனதில் நின்றிருக்கிறது, எது தப்பாக நின்றிருக்கிறது என்று தெரியாமல் தொடங்கினால் பாதிப் பிள்ளைகள் இரண்டாம் நாளே பின்தங்கிவிடுவார்கள். ஒன்பதே கேள்விகள் கொண்ட ஒரு தாள் போதும். வகுப்பாசிரியர்களுக்கும் வீட்டில் ட்யூஷன் எடுப்பவர்களுக்கும் சேர்த்தே இந்தக் குறிப்புகள்.

1. போன வருடப் பாடம் முழுவதையும் கேட்காதீர்கள். எடுக்கப் போகும் பாடத்திலிருந்து பின்னோக்கி நடந்து வாருங்கள். 0.3-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 0.06 என்று ஒரு பிள்ளைக்குப் புரிய வேண்டுமானால், அதற்கு முன் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்ற இடமதிப்பு புரிந்திருக்க வேண்டும். அது புரிந்திருக்கிறதா என்று பார்க்க நல்ல வழி, இரண்டு தசம எண்களைக் கொடுத்து எது பெரியது என்று கேட்பதுதான். வாய்ப்பாடு தெரியுமா என்பதைத் தனியாக வாய்மொழியில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே கேள்வியில் கலந்தால், தவறு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போகும்.

2. கேள்வி எழுதுவதற்கு முன், பிள்ளைகள் எப்படித் தப்பாக நினைப்பார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். இதுதான் முழு வேலையின் உயிர். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் தசம எண்களில் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் வகைப்படுத்திய தவறான எண்ணங்களில் மூன்று நம் வகுப்பறைகளிலும் கண்ணில் படுபவை.

முதல் வகைப் பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகவே படிக்கும். “63 தானே டீச்சர் 8-ஐவிடப் பெருசு?” என்று கேட்டு, 4.8-ஐ விட்டுவிட்டு 4.63-ஐத் தொடும். ‘நாலு புள்ளி அறுபத்து மூணு’ என்று நாம் படித்துக் காட்டுவதே இதற்கு உரம் போடுகிறது. ‘நாலு புள்ளி ஆறு மூணு’ என்று படிப்பதே நல்லது. கிரிக்கெட்டும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஸ்கோர் பலகையில் 4.5 ஓவர் என்றால் நாலு ஓவர், ஐந்து பந்து. அது நாலரை ஓவர் இல்லை. நாலரை ஓவரை 4.3 என்று எழுதுவார்கள். அந்தப் புள்ளியைத் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு, புள்ளி என்பது இரண்டு தனித்தனி எண்களுக்கு நடுவே இருக்கும் வேலி என்றே மனதில் பதிந்துவிடும்.

இரண்டாம் வகைப் பிள்ளை கொஞ்சம் யோசித்துத் தவறுகிறது. “மூணு இலக்கம் வந்தா ஆயிரத்தில் ஒரு பங்கு ஆயிடும் மிஸ், அது பொடிப் பொடியா சின்னதாத்தானே இருக்கும்?” என்று, 5.736-ஐ விட்டு 5.62-ஐத் தொடும். பின்னம் படித்தது இதன் மனதில் இருக்கிறது. ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதை மட்டும் மறந்துவிட்டது.

மூன்றாம் வகைக்குத் தசமம் என்றால் ரூபாய், பைசா. இரண்டு இலக்கம் வரை சரியாகச் சொல்லும். அதற்கு மேல் இருப்பது கண்ணில் படாது. 4.4502-ம் 4.45-ம் சமம் என்று எழுதிவிடும்.

3. ஒவ்வொரு எண்ணத்தையும் பிடிக்கத் தனித்தனிக் கேள்விகள் வையுங்கள். இதோ ஒரு தாள். ஒவ்வொரு ஜோடியிலும் பெரிய எண்ணை வட்டமிட வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்றால் ‘சமம்’ என்பதை வட்டமிட வேண்டும்.

அ பிரிவு: 4.8, 4.63; 0.5, 0.36; 2.7, 2.195.

ஆ பிரிவு: 5.736, 5.62; 0.426, 0.3; 2.85, 2.6.

இ பிரிவு: 4.4502, 4.45; 17.353, 17.35; 3.7, 3.70.

அ-வில் இலக்கம் குறைந்தது பெரியது; ஆ-வில் இலக்கம் கூடியது பெரியது. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் தாளில் இந்தப் பிரிவுகள் தெரியக் கூடாது. ஒன்பதையும் கலைத்து, பெரிய எண்ணை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமுமாக மாற்றி வைத்து எழுதுங்கள். 4.3, 4.1 போன்ற ஜோடிகளைத் தவிர்த்துவிடுங்கள். இலக்க நீளம் ஒன்றாக இருந்தால், தப்பாக நினைக்கும் பிள்ளையும் பெரும்பாலும் சரியான எண்ணையே தொட்டுவிடும். அந்தக் கேள்வியால் நமக்கு எதுவும் தெரியவராது.

4. ஒரே எண்ணத்துக்கு மூன்று கேள்விகள் எதற்கு என்று தோன்றலாம். மூன்று வாய்ப்புகள் உள்ள கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு வட்டமிடும் பிள்ளையும் ஒருமுறை நீளமான எண்ணைத் தொடும். ஆனால் மூன்று கேள்வியிலும் நீளமான எண்ணையே குருட்டாம்போக்கில் தொடுவதற்கு 27-ல் ஒரு வாய்ப்புதான். அதனால் மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் அது அந்தப் பிள்ளையின் எண்ணம் என்று பெரும்பாலும் நம்பலாம். ‘தெரியவில்லை’ என்றும் ஓர் இடம் கொடுங்கள். யூகித்து எழுதிய சரியான விடையைவிட நேர்மையாக எழுதிய ‘தெரியவில்லை’ நமக்கு அதிகம் சொல்லும்.

5. விடைகளைக் கூட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் வகைப் பிள்ளையின் தாளை எடுத்துப் பாருங்கள். அ-வில் மூன்றும் தவறு. ஆ-வில் மூன்றும் சரி, ஏனென்றால் அங்கே நீளமானதே பெரியது. இ-யில் 4.4502, 17.353 இரண்டும் சரி, 3.70-ஐப் பெரியது என்று நினைத்ததால் அது மட்டும் தவறு. கூட்டினால் ஒன்பதுக்கு ஐந்து. ‘பரவாயில்லை, பாதிக்கு மேல் தெரிகிறது’ என்று நினைப்போம். உண்மையில் அந்தப் பிள்ளைக்குத் தசம இடமதிப்பு தெரியவே தெரியாது; அந்த ஐந்து விடைகளும் தப்பான காரணத்தால் சரியாக வந்தவை.

இரண்டாம் வகைப் பிள்ளைக்கு அ-வில் மூன்றும் சரி, மற்ற ஆறும் தவறு. ஒன்பதுக்கு மூன்று. மதிப்பெண்ணைப் பார்த்தால் முதல் பிள்ளையைவிட மோசம். ஆனால் பத்தில், நூறில், ஆயிரத்தில் என்ற பங்குகளை நினைத்துப் பார்க்கும் இந்தப் பிள்ளை சரியான இடத்துக்கு ஒரு படி அருகில் நிற்கிறது என்பதே என் எண்ணம். ரூபாய்க் கணக்குப் பிள்ளைக்கு ஏழு வரும். தேர்வாக இருந்தால் நல்ல தேர்ச்சி. மூன்றாம் இலக்கம் வரும் நாளில்தான் அதன் தடுமாற்றம் வெளியே வரும்.

ஆகவே ஒரு நோட்டில் வரிசை எண்ணுக்கு எதிரே மூன்று கட்டம் போட்டு, பிரிவுவாரியாகச் சரியான விடைகளை மட்டும் குறியுங்கள். முதல் பிள்ளைக்கு 0-3-2, இரண்டாவதுக்கு 3-0-0, மூன்றாவதுக்கு 3-3-1. நாற்பது பேர் வகுப்பானாலும் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். 2-1-2 போல எதிலும் சேராமல் வருபவை சில இருக்கும். அவற்றுக்கு வலிந்து பெயர் வைக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளிடம் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசுவதே வழி.

6. மதிப்பெண் பின்வாசல் வழியாக நுழைந்துவிடும், கவனம். ‘இது மார்க் இல்லை’ என்று சொல்லிவிட்டுச் சிவப்புப் பேனாவில் டிக்கும் பெருக்கல் குறியும் போட்டுத் திருப்பிக் கொடுத்தால், இடைவேளைக்குள் பிள்ளைகளே எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள். தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பக்கத்துப் பிள்ளையிடம் மாற்றித் திருத்தச் சொல்லவும் வேண்டாம். டைரியில் எழுதாதீர்கள்; ‘டெஸ்ட்’ என்ற சொல் வீட்டுக்குப் போனால் அன்று மாலையே அம்மா உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடுவார். பெயர் வேண்டும், ஏனென்றால் யாருக்கு என்ன உதவி என்று தெரிய வேண்டும். பெயரை எதற்குக் கேட்கிறோம் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: “நான் எங்கேருந்து தொடங்கணும்னு நீங்கதான் எனக்குச் சொல்லப் போறீங்க.”

7. ஆங்கில வழிப் பிள்ளைகளானால் கேள்வியைத் தமிழிலும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘கிரேட்டர்’ என்ற சொல் புரியாமல் சின்ன எண்ணை வட்டமிட்ட பிள்ளையைக் கணக்கு தெரியாதவர் பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது.

8. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வகையிலும் ஓரிருவரைக் கூப்பிட்டு, “இதை எப்படி எடுத்தே?” என்று மட்டும் கேளுங்கள். சரியாக எழுதியவர்களையும் கேளுங்கள். “பின்னாடி சைபர் போட்டு நீளத்தைச் சமமாக்கிட்டேன் சார், 4.80, 4.63” என்று சிலர் சொல்வார்கள். அந்த வழி விடையைத் தரும். புரிதல் இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது. அப்படிச் சொன்னவரிடம் இன்னும் இரண்டு கேள்விகள் போடுங்கள். 1.4-க்கும் 1.5-க்கும் நடுவே எண் இருக்கிறதா? 1 கிலோ 50 கிராமைக் கிலோவில் எப்படி எழுதுவாய்? ‘எதுவும் இல்லை’ என்றோ 1.50 என்றோ பதில் வந்தால், அது சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை. 1.05 என்று வர வேண்டும்.

9. கண்டதை வைத்து உடனே ஏதாவது செய்யுங்கள். ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்த முறை பிள்ளைகள் மனம் வைத்து எழுத மாட்டார்கள். 0-3-2 கூட்டத்துக்குக் கிராஃப் தாளில் பத்துக்குப் பத்துக் கட்டம் வெட்டிக் கொடுத்து, 0.8-ஐ ஒன்றிலும் 0.63-ஐ இன்னொன்றிலும் வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். எண்பது கட்டமும் அறுபத்து மூன்று கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது கேள்விக்கே இடமில்லை. 3-0-0 கூட்டத்துக்கு எண்கோடு நல்லது: 5.6-க்கும் 5.8-க்கும் நடுவே 5.62, 5.736 இரண்டையும் குறிக்கட்டும். 3-3-1 கூட்டத்துக்கு மீட்டர் அளவுகோலைக் கொடுத்து, சென்டிமீட்டரைத் தாண்டி மில்லிமீட்டர் வரை மீட்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் இலக்கத்துக்கு ஓர் இடம் உண்டு என்பது அப்போது கைக்குப் பிடிபடும்.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரே வகையில் விழுந்திருந்தால் தனித்தனிக் கூட்டம் வேண்டாம். இரண்டு வகுப்புகளை அதற்கே ஒதுக்கிவிட்டுப் பிறகு பெருக்கலுக்குப் போங்கள்.

10. மூன்று நான்கு வாரம் கழித்து, எண்களை மட்டும் மாற்றி அதே அமைப்பில் இன்னொரு தாள் கொடுங்கள். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறிய பிள்ளைகளும் இருப்பார்கள். ‘நீளமானது பெரியது இல்லை’ என்று நாம் அழுத்திச் சொன்னதை, ‘அப்படியானால் குட்டையானதுதான் பெரியது’ என்று எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். மொத்த மதிப்பெண்ணில் இது தெரியாது. 0-3-2 என்பது 3-0-0 ஆனதைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு தாளையும் ஒப்பிட்டு முடித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள். எந்தப் பதிவேட்டிலும் இந்த எண்களை ஏற்றாதீர்கள்.