பதினாறு விடைத்தாளில் வகுப்புச் சராசரி

அரையாண்டுத் தேர்வு முடிந்து பத்தாம் வகுப்புக் கணக்கு விடைத்தாள் கட்டு மேசைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பிரிவு, பிரிவுக்கு 40 பேர், மொத்தம் 160 தாள்கள். திருத்தி முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். தலைமையாசிரியரோ நாளை மறுநாள் கூட்டத்திலேயே சராசரி எவ்வளவு வரும் என்று கேட்பார். "அறுபது வரும் சார்" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். இல்லையென்றால் 16 தாள்களை மட்டும் முதலில் திருத்தி, சராசரி எந்த எல்லைக்குள் இருக்கும் என்று கணக்கோடு சொல்லலாம். அந்த எல்லைக்குத்தான் நம்பிக்கை இடைவெளி என்று பெயர்.

இதில் சூத்திரம் கடினமில்லை. பெரும்பாலும் காரியம் கெடுவது தாள்களை எடுக்கும் இடத்தில்தான். ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

தாள்களை எடுப்பது

கட்டைப் பிரித்து மேலே இருக்கும் 16 தாள்களைத் திருத்தினால் என்ன ஆகும்? தாள்கள் பதிவெண் வரிசையில் இருக்கும். முதல் 40-உம் 'அ' பிரிவு. பல பள்ளிகளில் முதல் இரண்டு பிரிவு ஆங்கில வழி, அடுத்த இரண்டு தமிழ் வழி. ஆக உங்களுக்குக் கிடைப்பது 'அ' பிரிவின் கதை மட்டுமே. கூடுதல் தாள் நிறைய வாங்கிக் கட்டிய தடித்த தாள்களை உருவி எடுப்பதும் அப்படித்தான்: நிறைய எழுதியவர்கள் பெரும்பாலும் நிறையத் தெரிந்தவர்கள். "நல்லது, நடுத்தரம், சுமார் எல்லாம் கலந்து எடுத்தேன்" என்பதும் உதவாது. யார் நல்லது, யார் சுமார் என்று நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணத்தையே அது திருப்பித் தரும்.

செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பென்சிலால் 1 முதல் 160 வரை வரிசை எண் இடுங்கள். பதிவெண்ணையே பயன்படுத்த வேண்டாம். வராதவர்கள் இருந்தால் அதில் இடைவெளி விழும். பிறகு கணினி விரிதாளில் `=RANDBETWEEN(1,160)` என்று இட்டு 16 வெவ்வேறு எண்களை எடுங்கள். ஒரே எண் மறுபடி வந்தால் தள்ளிவிட்டு அடுத்ததை எடுங்கள். விரிதாள் இல்லையென்றால் 160 சீட்டு எழுதிக் குலுக்குங்கள், அதுவும் அதே வேலையைச் செய்யும். எண் வந்த பிறகு மாற்றக்கூடாது. 73-ஆம் தாள் புரியாத கையெழுத்தாக இருந்தாலும் 73-ஐத்தான் திருத்த வேண்டும். வசதிக்காக 74-ஐ எடுத்த கணத்தில் இது குலுக்கல் இல்லை, உங்கள் விருப்பம்.

வராதவர்கள் விஷயத்தையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். 168 பேரில் 8 பேர் எழுதவில்லை என்றால், நீங்கள் மதிப்பிடுவது எழுதிய 160 பேரின் சராசரி. அலுவலகப் பதிவேட்டில் வராதவருக்குப் பூஜ்யம் போட்டுச் சராசரி பார்க்கும் வழக்கம் இருந்தால், இங்கே 59 என்பது அங்கே 56 ஆகிவிடும். எது கேட்கப்படுகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

திருத்துவது

16 தாள்களையும் ஒரே அமர்வில், விடைக்குறிப்பை எதிரே வைத்துத் திருத்துங்கள். முதல் சில தாள்களில் படிக்குப் படி மதிப்பெண் வெட்டும் கை போகப்போக இளகும் என்பது திருத்தியவர்களுக்குத் தெரியும். அதனால் கடைசித் தாள் முடிந்ததும் முதல் மூன்றை மறுபடி பாருங்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் மாறினால் எல்லாவற்றையும் ஒரு சுற்று சரிபார்ப்பது நல்லது. 33 எடுத்தவரை 35-க்கு ஏற்றிவிடும் பழக்கம் உண்டா? அதை இப்போது செய்ய வேண்டாம். மாதிரிக்கு ஒரு அளவுகோல், மீதித் தாள்களுக்கு ஒரு அளவுகோல் என்று ஆகிவிடக்கூடாது.

கணக்கு

எடுத்துக்காட்டுக்கு, 16 தாள்களில் வந்த மதிப்பெண்கள் இவை:

62, 47, 81, 35, 58, 73, 44, 66, 91, 28, 55, 69, 39, 77, 52, 67

கூட்டுத்தொகை 944. 16-ஆல் வகுத்தால் சராசரி 59.

அடுத்தது, மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது. ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் 59-ஐக் கழியுங்கள்: 3, –12, 22, –24 என்று போகும். இந்த விலக்கங்களை எல்லாம் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ தப்பு. பிறகு ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 4622.

இந்த இடத்தில் கணக்கு ஆசிரியருக்கே கை தவறும். நம் பத்தாம் வகுப்புப் பாடநூலில் திட்ட விலக்கத்துக்கு எண்ணிக்கையால் வகுப்போம், அதாவது 16-ஆல். அது கையில் இருக்கும் தரவே முழுத் தரவு என்ற நிலைக்கு. இங்கே 16 தாள்கள் 160-க்குப் பிரதிநிதிகள். அவற்றின் சொந்தச் சராசரியிலிருந்தே விலக்கத்தை அளப்பதால் பரவல் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அதை ஈடுகட்ட ஒன்று குறைத்து 15-ஆல் வகுக்க வேண்டும். 4622-ஐ 15-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 17.55. 16-ஆல் வகுத்திருந்தால் 17.00 வந்திருக்கும். அறிவியல் கால்குலேட்டரில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்: `σx` என்பது 17.00, `sx` என்பது 17.55. நமக்கு வேண்டியது `sx`.

இனி திட்டப் பிழை. வேறு 16 தாள்கள் கைக்கு வந்திருந்தால் சராசரி எவ்வளவு ஆடியிருக்கும் என்பதன் அளவு இது. 17.55-ஐ 16-இன் வர்க்கமூலமான 4-ஆல் வகுத்தால் 4.39.

160-இல் 16 என்பது பத்தில் ஒரு பங்கு. அந்தப் பங்கு இனி ஊகமில்லை, தெரிந்துவிட்ட ஒன்று. அதற்கு உரிய தள்ளுபடியைக் கொடுக்க வேண்டும்: 1-இலிருந்து பத்தில் ஒன்றைக் கழித்தால் 0.9, அதன் வர்க்கமூலம் 0.949. 4.39-ஐ இதனால் பெருக்கினால் 4.16. மாதிரி மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் இந்தப் படியை விட்டுவிடலாம். 160 தாள்களையும் திருத்திவிட்டால் இந்தத் தள்ளுபடி பிழையைப் பூஜ்யமாக்கிவிடும் என்பதைக் கவனியுங்கள். அது நியாயம்தானே, ஊகிக்க அப்போது எதுவும் மிச்சமில்லை.

கடைசியாக, திட்டப் பிழையை எத்தனை மடங்கு எடுப்பது? பெரிய மாதிரிகளுக்கு 1.96 மடங்கு என்று பலருக்கு மனப்பாடம். சிறிய மாதிரிக்கு அது போதாது, ஏனென்றால் 17.55 என்ற பரவலே 16 தாள்களை வைத்துச் செய்த மதிப்பீடுதான். இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட். சின்னச் சின்ன மாதிரிகளோடு மாரடிப்பது அவர் வேலை. 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் விடையை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் புள்ளியியல் நூல்களின் பின்பக்கத்தில் இருக்கும் டி-அட்டவணை. அதில் எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 15-ஆம் வரிசையில், 95 சதவீதத்துக்கு 2.131 என்று இருக்கும்.

4.16-ஐ 2.131-ஆல் பெருக்கினால் 8.9. 59-இலிருந்து கழித்தால் 50.1, கூட்டினால் 67.9. இதுதான் நம் இடைவெளி.

விரிதாளில் மதிப்பெண்கள் B2 முதல் B17 வரை இருந்தால்:

```
=AVERAGE(B2:B17)
=STDEV.S(B2:B17)
=T.INV.2T(0.05,15)
```

முதலாவது 59, இரண்டாவது 17.55, மூன்றாவது 2.131 தரும். `STDEV.P` என்று இட்டுவிடாதீர்கள், அது 16-ஆல் வகுக்கும். `CONFIDENCE.T` என்றும் ஒன்று உண்டு, அது 9.35 என்று காட்டும், பத்தில் ஒரு பங்குக்கான தள்ளுபடியைச் செய்யாது.

விடையைப் படிப்பது

50.1 முதல் 67.9 வரை என்றால் என்ன அர்த்தம்? பெரும்பாலான மாணவர்கள் 50-க்கும் 68-க்கும் இடையில் எடுத்திருக்கிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் புரிந்துகொள்வார். தவறு. நம் 16 பேரிலேயே அந்த எல்லைக்குள் இருப்பவர்கள் ஆறு பேர்தான். 28-உம் இருக்கிறது, 91-உம் இருக்கிறது. இடைவெளி சொல்வது ஒரே ஒரு எண்ணைப் பற்றி, 160 பேரின் சராசரியைப் பற்றி. 95 சதவீதம் என்பது இந்த முறையின் தரம்: இதே போலக் குலுக்கி இதே கணக்கைப் பலமுறை செய்தால், சுமார் இருபதுக்குப் பத்தொன்பது முறை உண்மைச் சராசரி உள்ளே விழும். இந்த முறை விழுந்ததா என்று இப்போதே சொல்ல முடியாது.

காலாண்டில் சராசரி 64 என்று பதிவேட்டில் இருக்கிறது என்று வைப்போம். "ஐந்து மதிப்பெண் இறங்கிவிட்டதே" என்று யாராவது கவலைப்பட்டால் இடைவெளியைக் காட்டுங்கள். 64 உள்ளேதான் இருக்கிறது. இறங்கியிருக்கலாம், ஏறியிருக்கவும் கூடும். 16 தாள்களால் அதைத் தீர்க்க முடியாது. 75 இருந்திருந்தால் கதை வேறு, அப்போது இறங்கிவிட்டது என்று தைரியமாகச் சொல்லலாம்.

18 மதிப்பெண் அகலம் அதிகம் என்று தோன்றினால், கூடுதல் தாள் திருத்துவதுதான் ஒரே வழி. பக்கத்துக்கு 5 மதிப்பெண் போதும் என்றால் எத்தனை தாள் வேண்டும்? 17.55-ஐ இரட்டித்து 5-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய 49. மொத்தம் 160-தான் என்பதற்காக, 49-ஐ (1 + 49/160)-ஆல் வகுத்தால் 38-க்குப் பக்கத்தில் வரும். 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிவுகளுக்கிடையே வித்தியாசம் அதிகம் என்று தெரிந்தால், பிரிவுக்குப் பத்தாகக் குலுக்கி எடுப்பது இன்னும் நல்லது. அப்போதும் இதே சூத்திரத்தைப் போடலாம்; இடைவெளி பெரும்பாலும் தேவைக்குச் சற்று அகலமாகவே வரும், குறுகலாக வராது. ஆனால் எத்தனை தாள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பிடித்த எண் வரும்வரை தாள் சேர்த்துக்கொண்டே போனால் 95 சதவீதம் என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கு பார்க்காது. தாள்களைத் தப்பாக எடுத்திருந்தாலும், கை கடுமையாகவோ தளர்வாகவோ திருத்தியிருந்தாலும், சூத்திரம் அதே அழகோடு ஒரு இடைவெளியைத் தரும். குலுக்கலின் அதிர்ஷ்டத்தை மட்டுமே அது அளக்கிறது.

மற்ற ஆய்வாளர்களுக்குக் கிடைக்காத ஒரு வசதி ஆசிரியருக்கு உண்டு. அடுத்த வாரம் 160 தாள்களும் திருத்தி முடிந்துவிடும், உண்மைச் சராசரி கையில் வந்துவிடும். இடைவெளியைத் தேதியோடு மதிப்பெண் பதிவேட்டின் ஓரத்தில் இப்போதே எழுதி வையுங்கள். பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த தேர்வுகளிலும் உண்மைச் சராசரி வெளியே விழுந்துகொண்டே இருந்தால், சூத்திரத்தைச் சந்தேகிக்க வேண்டாம். தாள் எடுத்த விதத்தைப் பாருங்கள்.