தெக்குன் ஸ்பூமி கடன்: ஐந்து பக்கத் தொழில் திட்ட அறிக்கையை எப்படி எழுதுவது?

சொந்தத் தொழில் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் இளைஞர்களிடையே ‘ஸ்பூமி’ என்ற பெயர் அடிபடுகிறது. இந்தியத் தொழில்முனைவோருக்காக தெக்குன் நேஷனல் நடத்தும் நிதித் திட்டம் இது. தெக்குன் 1998-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனம். ஸ்பூமியில் 50,000 வெள்ளி வரை கிடைக்கும். அதற்கும் மேலே, 1 லட்சம் வெள்ளி வரை தேவைப்படுவோருக்காக 2024-இல் ‘ஸ்பூமி கோஸ் பிக்’ வந்தது. விண்ணப்பப் பாரத்தை நிரப்புவது அரை மணி நேர வேலை. பலர் தடுமாறுவது அதனுடன் வைக்கும் தொழில் திட்ட அறிக்கையில், அதாவது ‘கெர்த்தாஸ் சடாங்கானில்’தான். இந்தப் பாடம் அந்த அறிக்கையைப் பற்றியது.

காஜாங்கில் இருக்கும் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், ஏர்கோன் பழுதுபார்ப்பவர். ஐந்து வருஷம் ஒரு கம்பெனியில் வேலை செய்துவிட்டு, எஸ்.எஸ்.எம்.மில் சொந்தப் பெயரில் பதிவு செய்து, பழைய வேன் ஒன்றை வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். கருவிகளைப் பாதி நாள் நண்பரிடம் இரவல் வாங்கித்தான் வேலை. அவருக்காக நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதிய அறிக்கையைத்தான் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

அறிக்கை பதில் சொல்ல வேண்டிய கேள்வி

அண்ணன் முதலில் எழுதி வைத்திருந்த தாளில் கேட்ட தொகை 35,000 வெள்ளி. புது வேனுக்கு 20,000, கருவிகளுக்கும் மற்றதுக்கும் 15,000. காரணம் என்று எழுதியிருந்தது: “காஜாங்கில் வீடுகள் பெருகிக்கொண்டே போகின்றன, எல்லா வீட்டிலும் ஏர்கோன் இருக்கிறது, எனவே நல்ல வாய்ப்பு.” இது பொய்யில்லை. ஆனா இதைப் படிக்கும் அதிகாரி தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. வேலை குறைவாக வரும் மாதத்தில் தவணையை எங்கிருந்து கட்டுவாய்? அறிக்கையின் ஐந்து பக்கமும் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில்.

அதனால் நாங்கள் கடைசிப் பக்கத்தில் வர வேண்டிய பணப் புழக்க அட்டவணையை, ‘அலிரான் துனாய்’ என்பார்களே, அதை முதலில் எழுதினோம். மற்றப் பக்கங்கள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன.

தவணையைக் கணக்கிடுவது

தெக்குன் வட்டி என்று சொல்வதில்லை, லாப விகிதம் என்று சொல்கிறது. ஆண்டுக்கு 4 விழுக்காடு, பிளாட் ரேட். அதாவது நீங்கள் கட்டக் கட்ட அசல் குறைந்தாலும், லாபம் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே போடப்படும். 15,000 வெள்ளியை மூன்று ஆண்டுக்கு எடுத்தால், லாபம் 15,000-இன் 4 விழுக்காடு, மூன்று முறை: 1,800 வெள்ளி. மொத்தம் 16,800. அதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 467 வெள்ளி.

குறையும் அசலுக்கு வட்டி போடும் வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் இது சுமார் ஏழரை விழுக்காட்டுக்குச் சமம். ஆக, 4 என்ற எண்ணைப் பார்த்து இலவசம் மாதிரி நினைக்கக் கூடாது. ஆனாலும் இது சலுகைதான். உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் பிணையில்லாக் கடனுக்குச் சட்டப்படி 18 விழுக்காடு வரை வாங்கலாம். அதே 15,000-க்கு அதே கணக்கில் மாதத் தவணை 642 வெள்ளியாகிவிடும். ஆலோங் பக்கம் போனால் கணக்கே கிடையாது.

அண்ணன் கேட்ட 35,000-க்கு மூன்று ஆண்டுத் தவணை 1,089 வெள்ளி. இந்த எண்ணை ஒரு தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனோம்.

ஒரு மாதத்தின் வரவு செலவு

அண்ணனின் முதல் திட்டப்படி ஒரு முழுநேர உதவியாளர் இருப்பார். 20 நாளில் 60 யூனிட். அதில் 45 சாதாரண செர்விஸ், தலா 80 வெள்ளி. 15 கெமிக்கல் வாஷ், தலா 130 வெள்ளி. வரவு 5,550. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

செலவு பாருங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதோடு முதலாளி கட்ட வேண்டிய இபிஎப், சொக்சோ எல்லாம் சேர்ந்து சுமார் 1,955. பெட்ரோல், டோல், கெமிக்கல் 800. காப்புறுதி, தொலைபேசி 200. அண்ணன் வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணம் 1,800. இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதே இல்லை. எழுதாமல் விட்டால் லாபம் பெரிதாகத் தெரியும், ஆனா சாப்பாட்டுக்குப் பணம் எடுக்கப்போவது அதே கல்லாவிலிருந்துதானே! மொத்தச் செலவு 4,755. மிச்சம் 795 வெள்ளி. ஓரத்தில் எழுதிய 1,089 நல்ல மாதத்திலேயே எட்டவில்லை.

அப்புறம் மந்தமான மாதம். வருஷக் கடைசி மழையில் ஏர்கோன் போடுவோர் குறைவு, கூப்பிடுவோரும் குறைவு. வேலை 30 விழுக்காடு குறைந்தால் வரவு 3,885. பெட்ரோலும் கெமிக்கலும் கூடவே 560-க்கு இறங்கும். ஆனா உதவியாளர் சம்பளம் இறங்காது. செலவு 4,515. தவணை கட்டுவதற்கு முன்பே 630 வெள்ளி பள்ளம். கடனை 15,000 ஆகக் குறைத்தாலும் இந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கும். கோளாறு கடன் தொகையில் மட்டும் இல்லை, தொழிலை அமைத்த விதத்திலும் இருந்தது.

திட்டத்தை மாற்றியது

மாதத்தில் எட்டு நாள் மட்டும் தினக்கூலிக்கு ஒருவரை வைப்பது என்று அண்ணன் முடிவெடுத்தார். சந்தா சேர்த்து நாளுக்கு 90 வெள்ளி. இரண்டு பேர் தேவைப்படும் கெமிக்கல் வாஷ் வேலைகளை எல்லாம் அந்த எட்டு நாளில் போட்டுக்கொள்வார். இப்போது யூனிட் 56 ஆகக் குறைகிறது: 42 சாதாரணம், 14 கெமிக்கல். வரவு 5,180. செலவு 3,520. மிச்சம் 1,660.

மந்தமான மாதத்தில் வரவு 3,626. கூலி நாள் எட்டிலிருந்து ஆறாகும், செலவு 3,100. மிச்சம் 526. இப்போது 467 வெள்ளித் தவணையைக் கட்டிவிட்டு 59 வெள்ளி மிஞ்சும். இழுபறிதான், ஆனா கட்ட முடியும். அதே மாதத்தில் 1,089 கட்டவே முடியாது. புது வேன் திட்டத்திலிருந்து போனது இப்படித்தான். கேட்கும் தொகை 15,000 என்று முடிவானதும் இந்தக் கணக்கிலிருந்துதான்.

தொகையைப் பிரித்துக் காட்டுவது

“கருவிகள்: 15,000” என்று ஒரே வரியில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். நாங்கள் ஐந்து வரியாகப் பிரித்தோம்: வேக்யூம் பம்ப், கேஜ், தண்ணீர் ஜெட் பம்ப் முதலான கருவிகள் 5,400, ஏணியும் விரிப்பும் 900, வேனுக்குள் அலமாரியும் பெயர்ப் பலகையும் 1,500, கேஸ், உதிரிப் பாகம் 3,200, நடைமுறை மூலதனம் 4,000. முதல் நான்கு வரிக்கும் கடையில் வாங்கிய விலைப்புள்ளி, அதாவது ‘கொட்டேஷன்’ இணைத்தோம். ஐந்தாவது வரிக்குப் பணப் புழக்க அட்டவணையே சான்று. பக்கத்திலேயே அண்ணனின் சொந்தப் பங்கும் இருந்தது: வேனும், சேமிப்பு 3,000 வெள்ளியும்.

எண்களுக்குச் சான்று

மாதம் 56 யூனிட் என்று நாமாகச் சொன்னால் போதாது. அண்ணன் ஐந்து மாத ரசீதுப் புத்தகத்தையும், வாட்சாப்பில் வந்த வேலை அழைப்புகளையும் எண்ணி, எந்தத் தாமானில் எத்தனை வேலை என்று ஒரு பட்டியல் போட்டார். காஜாங், சுங்கை சுவா, செமினி, பாலாக்கோங். “காஜாங்கில் வாய்ப்பு உண்டு” என்ற பழைய வாக்கியத்துக்குப் பதிலாக இந்தப் பட்டியல் உட்கார்ந்தது. ரொக்கமாக வாங்கிய கூலியைக்கூட வங்கியில் போட்டுவைத்திருந்ததால், வங்கி அறிக்கையும் ரசீதும் ஒத்துப்போயின. கையில் வாங்கிக் கையிலேயே செலவழிப்பவரின் வியாபாரம் நன்றாக ஓடினாலும், தாளில் அது ஓடாத வியாபாரம்தான்.

மற்ற இணைப்புகள் எளிது: மைகார்ட் நகல், எஸ்.எஸ்.எம். பதிவு, திறன் சான்றிதழ், தொழில் நடக்கும் படங்கள். கடை வைத்துத் தொழில் செய்பவராக இருந்தால் நகராண்மைக் கழக உரிமமும் வேண்டும். எஸ்.எஸ்.எம். பதிவுக்குச் சொந்தப் பெயர் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் என்றால் 60. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம்.

விண்ணப்பிக்கும் முன் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள், இலவசம்தான். பிடிபிடிஎன் பாக்கிகூட அதில் தெரியும். பாக்கி இருந்தால் மறைக்காமல், கட்டத் தொடங்கிய சான்றை இணைப்பது நல்லது.

நேர்காணலும் நேரில் பார்ப்பதும்

தாளைப் படித்ததோடு விடமாட்டார்கள். தொழில் நடக்கும் இடத்தைப் பார்க்க வருவார்கள், கேள்வி கேட்பார்கள். அறிக்கையை வேறு யாரோ எழுதிக் கொடுத்திருந்தால் இங்கே தெரிந்துவிடும். “கெமிக்கல் வாஷ் ஏன் 14 மட்டும்?” என்றால், “ஆள் இருக்கும் எட்டு நாளில் அவ்வளவுதான் முடியும்” என்று அண்ணனால் உடனே சொல்ல முடியும், ஏன்னா அந்த எண் அவருடையது. “நான் முடித்துத் தருகிறேன், முன்பணம் கொடு” என்று வரும் ஏஜெண்டிடம் ஒரு காசும் கொடுக்காதீர்கள். விண்ணப்பம் தெக்குன் இணையத்தளத்திலும் கிளையிலும் நேரடியாகவே நடக்கும்.

பயிற்சி

உங்கள் தொழிலுக்கு ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் வழக்கமான மாதம், இரண்டாவதில் வரவு 30 விழுக்காடு குறைந்த மாதம், மூன்றாவதில் ஒவ்வொரு எண்ணுக்கும் உங்கள் கையில் இருக்கும் சான்று. வீட்டுச் செலவை மறக்காமல் எழுதுங்கள். இரண்டாவது பத்தியின் மிச்சத்தை 36-ஆல் பெருக்கி 1.12-ஆல் வகுத்தால், மூன்று ஆண்டுக் கடனாக நீங்கள் கேட்கக்கூடிய அதிகபட்சத் தொகை கிடைக்கும். அண்ணனுக்கு அது 16,900 வெள்ளி வந்தது, கேட்டது 15,000. மூன்றாவது பத்தியில் காலியாக இருக்கும் இடங்களை முதலில் நிரப்புங்கள். ரசீதுப் புத்தகம் இல்லையென்றால் இந்த மாதமே ஒன்று வாங்கி எழுதத் தொடங்குங்கள். விண்ணப்பம் அதற்குப் பிறகு போகட்டும்.