இன்னும் ஒரு முறை பால் காய்ச்சலாமா?

தொழில் நடத்துவோர் நாள் முடிவில் மொத்த வரவையும் மொத்தச் செலவையும் ஒப்பிட்டு இலாப நட்டம் அறிகின்றனர். அக்கணக்கு தேவையானதே. ஆயினும், "இன்னும் கொஞ்சம் உற்பத்தி செய்யலாமா, இத்துடன் நிறுத்தலாமா?" என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்காது. அதற்கு வேறொரு கணக்கு உண்டு. அதனை ஒரு சிறு கதையின் வாயிலாகக் காண்போம்.

சாலையோரச் சிற்றூர் ஒன்றில் ஒருவர் தேநீர்க் கடை வைத்திருந்தார். ஒரு முறைக்கு 2 லிட்டர் பால் காய்ச்சுவார். 25 தம்ளர் தேநீர் கிடைக்கும். தம்ளர் விலை 10 ரூபாய். பாலுக்கு 100 ரூபாயும், சர்க்கரை, தேயிலைத் தூள், எரிவாயு ஆகியவற்றுக்கு 40 ரூபாயுமாக ஒரு முறைக்கு 140 ரூபாய் செலவாகும். கடை வாடகைக்கும் உதவியாளின் கூலிக்கும் நாளொன்றுக்கு 680 ரூபாய் தனியே வேண்டும்.

ஒரு நாள் மாலை 6 மணிக்குள் எட்டு முறை காய்ச்சிய தேநீர் முழுவதும் விற்றுப் போயிற்று. 7 மணிப் பேருந்தில் வேலை முடிந்து திரும்புவோர் வருவர். அவர்களுள் ஏறக்குறைய 18 பேர் தேநீர் அருந்துவர் என்பதைக் கடைக்காரர் பல நாள் எண்ணிப் பார்த்து அறிந்திருந்தார். ஒன்பதாம் முறைக்குப் பால் வாங்கப் புறப்பட்டவரை, கணக்கு எழுதிவந்த மருமகன் தடுத்தார்.

"மாமா, இன்றைய செலவு 1,800 ரூபாய். எட்டால் வகுத்தால் ஒரு முறைக்கு 225 ரூபாய் அடக்கம். 18 தம்ளர் விற்றால் வருவதோ 180 ரூபாய். 45 ரூபாய் நட்டமல்லவா?"

"மாப்பிள்ளை, இப்பொழுதே கடையைச் சாத்தினால் வாடகையும் கூலியும் குறையுமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"குறையாது, மாமா."

"குறையாத செலவை இந்தப் பாலின் தலையில் ஏன் ஏற்றுகிறீர்கள்? புதிதாக என் கையை விட்டுப் போவது 140 ரூபாய். புதிதாக வருவது 180 ரூபாய்."

மருமகன் நாள் கணக்கை இரு விதமாகவும் போட்டுப் பார்த்தார். எட்டு முறையோடு நிறுத்தினால் வரவு 2,000, செலவு 1,800, மிச்சம் 200 ரூபாய். ஒன்பதாம் முறையும் காய்ச்சினால் வரவு 2,180, செலவு 1,940, மிச்சம் 240 ரூபாய். மாமாவின் கூற்றே சரியாயிற்று. மாதத்தில் 25 நாள் இவ்வாறு தவறாகக் கணக்கிட்டுக் கடையைச் சாத்தியிருந்தால் 1,000 ரூபாய் கைவிட்டுப் போயிருக்கும்.

பேருந்து வந்து சென்றது; தேநீரும் எதிர்பார்த்தபடி விற்றது. "அப்படியானால் பத்தாம் முறையும் காய்ச்சலாமே, மாமா?" என்றார் மருமகன். கடைக்காரர் மறுத்துவிட்டார். 8 மணிக்கு மேல் உதவியாளை நிறுத்தினால் 50 ரூபாய் கூடுதல் கூலி தர வேண்டும். ஆகவே கூடுதல் செலவு 190 ரூபாய். அந்நேரத்தில் 15 தம்ளர்தான் விற்கும். வரவு 150 ரூபாய். காய்ச்சினால் நாளின் மிச்சம் 240 ரூபாயிலிருந்து 200 ரூபாயாகக் குறையும். மாறாதிருந்த கூலி, நேரம் கடந்ததும் மாறும் செலவாகிவிட்டதைக் கவனிக்க வேண்டும்.

இன்னும் ஒரு முறை காய்ச்சுவதால் கூடும் செலவை 'இறுதிநிலைச் செலவு' என்றும், அதனால் கூடும் வரவை 'இறுதிநிலை வருவாய்' என்றும் பொருளாதார நூலோர் கூறுவர். வருவாய் செலவைவிட மிகுந்திருக்கும்வரை தொடரலாம். குறையுமிடத்தில் நிறுத்த வேண்டும். ஒன்பதாம் முறைக்கு 14 தம்ளர் விற்றாலே போட்ட பணம் வந்துவிடும். மழை நாளில் பத்துப் பேரே வருவர் எனில், அந்த ஒன்பதாம் முறையும் நட்டமே.

உழவருக்கும் இக்கணக்கு உதவும். தக்காளி விலை விழுந்த நாளில் உழவு, நாற்று, உரம் ஆகியவற்றுக்குச் செலவிட்ட தொகையை எண்ணிப் பலர் மனம் கலங்குகின்றனர். அத்தொகை பறித்தாலும் திரும்பாது, பறிக்காவிட்டாலும் திரும்பாது. பறிகூலியும் வண்டி வாடகையும் சந்தைச் செலவும் சேர்ந்து பெட்டிக்கு 60 ரூபாய் என்று கொள்வோம். பெட்டி 80 ரூபாய்க்கு விற்குமாயின், சாகுபடிச் செலவு முழுவதும் திரும்பாவிடினும் பறிப்பதே நன்று. 50 ரூபாய்க்கே விற்குமாயின் பறிக்கப் பறிக்க நட்டம் வளரும்.

இக்கணக்கிற்கும் ஓர் எல்லை உண்டு. வாடகையையும் கூலியையும் ஒரு மாலைப் பொழுதின் முடிவிலிருந்து ஒதுக்கி வைக்கலாமேயன்றி, மாதக் கணக்கிலிருந்து ஒதுக்க இயலாது. மாத வரவு அவற்றையும் ஈடுகட்ட வேண்டும். இல்லையேல், அவ்விடத்தில் கடை நடத்தலாமா, அடுத்த பருவத்தில் அப்பயிரை இடலாமா என்பதையே ஆராய வேண்டும். இன்றைய ஒரு முறைக்குக் கூடுதல் கணக்கு; தொழில் நிலைத்து நிற்பதற்கு மொத்தக் கணக்கு. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று குழப்பாமல், நோட்டுப் புத்தகத்தில் தனித்தனிப் பக்கத்தில் எழுதி வருதல் வேண்டும்.