பழைய டி.வி.யில் படம் வரவில்லையா? கொல்லிமலை வீடுகளுக்குச் சில குறிப்புகள்

கூரைமேல் கம்பி ஆன்டெனா நட்டுத் தூர்தர்ஷன் பார்த்த காலம் முடிந்துவிட்டது. தரைவழி அனலாக் ஒளிபரப்புக் கோபுரங்களைப் பிரசார் பாரதி படிப்படியாக மூடிக்கொண்டே வந்தது. எல்லையோரம் போன்ற சில முக்கிய இடங்களை விட்டுவிட்டு, மற்றவற்றை 2022 மார்ச் 31-க்குள் நிறுத்துவதாக அறிவித்தது. பைல் நாட்டில் ஒரு வீட்டு மூலையில் 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டி.வி. இன்னும் துணி போர்த்திக் கிடக்கலாம். அதற்குள் இருப்பது அனலாக் ட்யூனர் மட்டும்தான். அந்த டி.வி.யை எடைக்குப் போடும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. முதலில் டி.வி. உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சுவிட்சைப் போட்டதும் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஓடி 'உஸ்' என்று இரைந்தால் நல்ல சேதி. படக்குழாய், ஒலிபெருக்கி, ட்யூனர் எல்லாம் வேலை செய்கின்றன, சிக்னல்தான் வரவில்லை. சில டி.வி.க்களில் சிக்னல் இல்லாவிட்டால் திரை நீலமாகிச் சத்தமும் அடங்கிவிடும். அதுவும் பழுது இல்லை. வெளிச்சமும் சத்தமும் அறவே இல்லை என்றால் மட்டும் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். பின்மூடியை நீங்களாகக் கழற்ற வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் படக்குழாயில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

2. சரியான பெட்டியை வாங்குங்கள். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். அமெரிக்காவில் 2009-இல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது, பழைய ஆன்டெனாவுக்கும் டி.வி.க்கும் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் பெட்டியை வைத்தார்கள், படம் வந்துவிட்டது. அங்கே அதே கோபுரங்கள் டிஜிட்டலில் ஒளிபரப்பின. நம் நாட்டில் தூர்தர்ஷன் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பை 2016-இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தொடங்கியது. கொல்லிமலை அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆன்டெனா பெட்டியைக் கம்பி ஆன்டெனாவில் மாட்டினால் இங்கே ஒன்றும் வராது. நமக்கு வேண்டியது டி.டி. ஃப்ரீ டிஷ் பெட்டியும் ஒரு சிறிய டிஷ்ஷும். மாதக் கட்டணம் இல்லை. எம்பெக்-4 பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். எம்பெக்-2 மட்டும் படிக்கும் பழைய பெட்டியில் சில சேனல்கள் வராது. தனியார் தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்கள் எல்லாம் இதில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், பெரிய சேனல்கள் பலவற்றுக்குக் கட்டணச் சேவைதான் வழி. கேபிள் இணைப்பு உள்ள வீட்டில் படம் நின்றிருந்தால் அது வேறு கதை. அதற்குக் கேபிள்காரர் தரும் செட் டாப் பாக்ஸ்தான் பொருந்தும்.

3. டி.வி.யின் பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் பாருங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வளையம் போட்ட துளைகள் இருந்தால் வேலை சுலபம். மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. சிவப்புத் துளை இல்லாத டி.வி.யில் வெள்ளையை மட்டும் சொருகினால் போதும். ரிமோட்டில் AV அல்லது TV/AV பொத்தானை அழுத்திப் பெட்டியின் மெனுவை வரவழையுங்கள். ரிமோட் தொலைந்திருந்தால், பல டி.வி.க்களில் சேனலைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கினால் AV வந்துவிடும்.

ஆன்டெனா துளை மட்டுமே உள்ள மிகப் பழைய டி.வி. என்றால், ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சிறு பெட்டி தேவை. அது பெட்டியின் படத்தை ஒரு பழைய அனலாக் சேனலாக மாற்றித் தரும். பெட்டியின் மெனு ஓடிக்கொண்டிருக்கும்போதே டி.வி.யில் சேனல் தேடுங்கள். பெரும்பாலும் 3 அல்லது 4-ஆம் சேனலில் வந்து நிற்கும்.

4. மெனு கறுப்பு வெள்ளையாகவோ மேலும் கீழும் உருண்டுகொண்டோ வந்தால் பயப்படாதீர்கள். பெட்டி NTSC முறையில் இருக்கிறது. மெனுவில் அதை PAL என்று மாற்றுங்கள். படம் ஒல்லியாக நீண்டு தெரிந்தால் திரை அளவை 4:3 ஆக்குங்கள். சில பெட்டிகளில் மூன்று நிறக் கம்பிகளும் ஒரே ஒற்றைப் பின்னில் சேர்ந்து வரும். கடையில் வேறு கம்பி வாங்கினால் மஞ்சளில் ஒலியும் சிவப்பில் படமும் வருவதுண்டு. நிறத்தை மறந்துவிட்டு மூன்றையும் மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள்.

5. டிஷ் வைக்கும் இடத்தை மரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், மலையைப் பார்த்து அல்ல. கம்பி ஆன்டெனா காலத்தில் எதிரே ஒரு முகடு நின்றால் படம் போனது. இப்போது சிக்னல் 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. கொல்லிமலையில் நின்று பார்த்தால் அது அக்னி மூலைப் பக்கம், அதாவது தென்கிழக்கில், தரையிலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் இருக்கும். உச்சி வானத்துக்குக் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு உயரத்தை மறைக்கும் முகடு அரிது. மறைப்பது மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக்தான்.

கணக்கு இதுதான்: டிஷ் மட்டத்துக்கு மேல் மரம் எவ்வளவு உயரமோ, அதை இரண்டரையால் வகுங்கள். அத்தனை மீட்டராவது தள்ளி டிஷ் இருக்க வேண்டும். தரையிலிருந்து 3 மீட்டர் உயரக் கூரையில் டிஷ், தென்கிழக்கே 5 மீட்டர் தள்ளி 18 மீட்டர் உயர மரம் என்றால், டிஷ்ஷுக்கு மேல் மரம் 15 மீட்டர். இரண்டரையால் வகுத்தால் 6 வரும். 5 மீட்டரில் வைத்த டிஷ்ஷுக்குப் படம் வராது. வீட்டின் மறுமூலைக்கு, 8 மீட்டர் தூரத்துக்கு நகர்த்திவிட்டால் வரும். கிளை விரிவுக்கும் வரும் ஆண்டுகளின் வளர்ச்சிக்கும் அந்தக் கூடுதல் இடைவெளி வேண்டும். இலை உதிர்ந்திருக்கும்போது படம் வந்து, துளிர்த்ததும் போகிறது என்றால் காரணம் மரம்தான்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு வெயில் உதவும். மார்ச் 15 வாக்கில் காலை 11.15 மணிக்கும், செப்டம்பர் 28 வாக்கில் காலை 11 மணிக்கும் சூரியன் நம் மலைக்கு ஏறக்குறைய அந்தச் செயற்கைக்கோள் இருக்கும் இடத்தில்தான் நிற்கும். டிஷ் வைக்க நினைத்த இடத்தில் அந்த நேரம் நிழல் விழாவிட்டால் வழி திறந்திருக்கிறது. அதே நாட்களில் அதே நேரத்தில் படம் சில நிமிடம் உடைந்து போகும். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வருவதால் அப்படி ஆகிறது, தானாகச் சரியாகிவிடும். டிஷ்ஷைத் தொடாதீர்கள்.

6. டிஷ்ஷைத் திருப்பும் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கூரையில், ஒருவர் திரை முன்னால். முதலில் கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று கொத்தனார் தூக்குக்குண்டை வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் அடுத்துச் செய்வதெல்லாம் தப்பாகும். செல்போன் திசைகாட்டியில் 126 பாகையை நோக்கி டிஷ்ஷைத் திருப்புங்கள். இரும்புக் கம்பத்திலிருந்து இரண்டடி விலகி நின்று திசை பாருங்கள், இரும்பு முள்ளை இழுத்துவிடும். டிஷ்ஷின் பின்னால் உயர அளவுகோல் இருந்தால் 68-இல் வையுங்கள். அப்படி வைத்தும் டிஷ் 68 பாகைக்கு அண்ணாந்து பார்ப்பது போலத் தெரியாது, பாதி சாய்ந்ததாகவே இருக்கும். இந்த வகை டிஷ் தன் முகம் காட்டும் திசைக்கு இருபது, இருபத்தைந்து பாகை மேலிருந்து வாங்குகிறது. அது தெரியாமல் வானத்தைப் பார்க்க நிமிர்த்திவிட்டுத்தான் பலர் நாள் முழுக்கத் தேடுகிறார்கள்.

பெட்டியின் மெனுவில் GSAT-15 அல்லது அதற்கு முன்பிருந்த செயற்கைக்கோளான INSAT 4B என்பதைத் தேர்ந்தெடுங்கள், இரண்டும் 93.5 பாகைதான். LNB வகை 9750/10600. அலைவரிசை 11090, V, 29500. இப்போது திரையில் இரண்டு பட்டை தெரியும். Strength என்பது டிஷ் முனையில் உள்ள எல்.என்.பி.க்கு மின்சாரம் போனாலே ஏறிவிடும், அதைப் பார்த்து மகிழ வேண்டாம். Quality ஏறினால்தான் செயற்கைக்கோள் அகப்பட்டது. ஒரு விரல் அகலம் நகர்த்தி, மூன்று நான்கு விநாடி நிறுத்தி, மறுபடி நகர்த்துங்கள். பெட்டி பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். வேகமாகத் திருப்பினால் கடந்து போய்விடுவீர்கள்.

7. Quality கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் எல்.என்.பி.யை அதன் பிடியிலேயே மெதுவாகச் சுழற்றுங்கள். நம் ஊரிலிருந்து பார்க்கும்போது அலை ஐம்பது பாகைக்கு மேல் சாய்ந்து வருகிறது, எனவே எல்.என்.பி. நேராக நின்றால் போதாது. இடமும் வலமும் சுழற்றி, எங்கே அதிகமோ அங்கே முறுக்கிவிடுங்கள்.

8. சேனல் தேடிய பிறகு பொதிகையைக் காணோம் என்று மறுபடி தேட வேண்டாம். 2024 ஜனவரி முதல் அதன் பெயர் DD Tamil. புதிய சேனல்கள் சேர்வதும் இடம் மாறுவதும் உண்டு. மாதம் ஒருமுறை மெனுவில் மறுபடி தேடவிட்டால் போதும்.

9. கேபிளை எல்.என்.பி.யில் மாட்டும்போதும் கழற்றும்போதும் பெட்டியை அணைத்திருங்கள். அதே கேபிள் வழியாகத்தான் எல்.என்.பி.க்கு மின்சாரம் போகிறது. நடுக்கம்பியும் சுற்றுவலையும் ஒன்றையொன்று தொட்டால் பெட்டி கெடும். வலையின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் போதும், Strength-ம் Quality-யும் சேர்ந்து பூஜ்யமாகும்.

10. மலையில் பனிமூட்டம் படத்தைக் கெடுக்காது, கனமழை கெடுக்கும். மழை விட்டதும் படம் திரும்பினால் பழுது இல்லை. சாதாரணத் தூறலுக்கே போகிறது என்றால் டிஷ் சரியாகத் திரும்பவில்லை அல்லது 60 செ.மீ. டிஷ் போதவில்லை, 75 அல்லது 90 செ.மீ. டிஷ் வாங்கினால் தாங்கும். மழை விட்டு இரண்டு நாளாகியும் வராவிட்டால் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஓரடி வெட்டிப் புது முனை போட்டு, டேப் சுற்றி, வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். இடி மழைக் காலத்தில், வானம் இருட்டி இடி கேட்கும் முன்பே, பெட்டியின் மின் பிளக்கையும் டிஷ் கேபிளையும் இரண்டையுமே பிடுங்கி வையுங்கள். பிளக்கை மட்டும் பிடுங்கினால் இடி டிஷ் வழியாகப் பெட்டிக்கும், அங்கிருந்து டி.வி.க்கும் வந்துவிடும்.