மேனேஜர் கொடுத்த கடிதம்

வெள்ளிமலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

நீ அனுப்பிய கடிதப் படத்தை நேற்றுச் சாயங்காலம் பஸ் நிற்கிற இடத்தில் சிக்னல் பிடித்துத்தான் பார்த்தேன். மூன்று முறை படித்தேன். "நல்லாத்தானே எழுதிக் குடுத்திருக்காங்க?" என்று உங்கம்மா கேட்டாள். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மனசு வரவில்லை.

கப்பல் வேலைக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். இருபத்தாறு வயசுக்காரனை நான் கட்டிப் போட முடியாது. ஆனால் இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போகாதே.

இதில் என்ன இருக்கிறது சொல். "எங்கள் ஹோட்டலில் செஃப்பாகப் பணியாற்றினார். கடின உழைப்பாளி, நேர்மையானவர். இன்ன கப்பல் கம்பெனியில் சேரவிருக்கும் அவருக்கு வாழ்த்துகள்." அவ்வளவுதான். ஜெனரல் மேனேஜர் கையெழுத்தும் சீலும் பளிச்சென்று இருக்கின்றன. நீ எந்தத் தேதியில் சேர்ந்தாய் என்று இல்லை, எந்தத் தேதி வரை இருந்தாய் என்றும் இல்லை. கப்பலுக்கு ஆள் எடுக்கிறவன் முதலில் தேதியைத்தான் தேடுவான். மொத்தம் எத்தனை மாதம், நடுவில் இடைவெளி உண்டா என்று கணக்குப் போட்ட பிறகுதான் மற்றதைப் படிப்பான். கடின உழைப்பாளி என்று எல்லோருக்கும் எழுதுகிறார்கள். அதை அவன் படிப்பதுகூட இல்லை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று உனக்குத் தெரியும். உங்கம்மா சொல்லியிருப்பாள், பாதியை மட்டும். 1991லிருந்து 2002 வரை சென்னையில் ஒரே ஹோட்டலில் அடுப்படியில் நின்றவன் நான். தந்தூரில் நாலு வருஷம், பிறகு பேங்க்வெட். கிளம்பும்போது இதே மாதிரி இரண்டு வரி கொடுத்தார்கள். நானும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். துபாய் வேலைக்கு இன்டர்வியூவில் உட்கார்ந்தால், "எந்த செக்‌ஷன்? ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குச் சமைத்தாய்?" என்று கேட்டார்கள். வாயால் சொன்னேன். "கடிதத்தில் காணோமே" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பி என் பக்கமே தள்ளிவிட்டார்கள். எனக்குப் பின்னால் நின்ற பையனுக்கு நாலு வருஷ அனுபவம்தான். அவன் கடிதத்தில் எல்லாம் எண்ணாக இருந்தது. அவன் போனான், நான் கச்சிராயபாளையம் பஸ் ஏறினேன். பதினோரு வருஷம், மாப்ளே.

அதனால் நான் சொல்வதைச் செய். கடிதத்தை நீயே எழுதி எடுத்துக்கொண்டு போய் மேனேஜர் முன்னால் வை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஹோட்டலில் பாதிக் கடிதங்கள் அப்படித்தான் உருவாகின்றன. அவருக்கு நீ தந்தூரில் நின்றாயா, கறி செக்‌ஷனில் நின்றாயா என்பதெல்லாம் நினைவிருக்காது. செஃப்பிடம் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

"செஃப்" என்று மொட்டையாக இருக்கவே கூடாது. கமி டூவாகச் சேர்ந்தது எந்தத் தேதி, கமி ஒன் ஆனது எப்போது, டி.சி.டி.பி. ஆனது எப்போது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வேண்டும். கப்பலில் பெரும்பாலும் ஒரு படி கீழே இறக்கித்தான் எடுப்பார்கள். காகிதத்தில் படியே இல்லை என்றால் அடிப்படியில் போட்டுவிடுவார்கள். அடுத்து எண்ணிக்கை. காலை பஃபே எத்தனை பேர், கல்யாண சீஸனில் ஒரே வேளைக்கு எத்தனை தட்டு, உன் கீழே எத்தனை பையன்கள். கப்பலில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் சாப்பாடு போக வேண்டும். தட்டை அழகாக அலங்கரிக்கிறவனைவிட, அறுநூறு பேர் பேங்க்வெட்டைச் சிந்தாமல் இறக்கியவனைத்தான் அங்கே தேடுவார்கள். நீ இறக்கியிருக்கிறாய். அது இந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை.

ஃப்ரிட்ஜ் டெம்பரேச்சர் எழுதும் நோட்டை ஒன்றரை வருஷம் நீதான் பார்த்துக்கொண்டாய் என்று சொன்னாயே, அதையும் போடச் சொல். வெளிநாட்டிலிருந்து அமெரிக்கத் துறைமுகத்துக்கு வந்துபோகும் பயணிகள் கப்பலில் அந்த நாட்டுச் சுகாதாரத்துறை ஆட்கள் சொல்லாமல் வந்து ஏறுவார்கள். 100க்கு 86 மார்க் வாங்கினால்தான் கப்பல் பாஸ். சமைத்ததை ஆறவைக்கும்போது 57 டிகிரியிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5 டிகிரிக்கு இன்னும் நாலு மணி நேரம். பெரிய குண்டானில் அப்படியே குளிர் அறைக்குள் தள்ளினால் நடுவில் சூடு அடங்காது. ஆழமில்லாத டிரேயில் பிரித்துப் போட வேண்டும். டெம்பரேச்சர் நோட்டைக் கடிதத்தில் எழுதினால் இதையெல்லாம் இன்டர்வியூவில் கட்டாயம் கேட்பார்கள். பதில் சொல்லத் தெரியாத ஒரு வரியையும் எழுத விடாதே.

கப்பல் கம்பெனியின் பெயரை எடுத்துவிடு. அந்த வேலை கைகூடாவிட்டால் வேறு எவனிடம் காட்டுவாய்? கீழே மேனேஜரின் ஜிமெயில் போட்டிருக்கிறார்கள், அதுவும் ஆகாது. சரிபார்க்கிறவன் ஹோட்டலின் சொந்த மெயிலுக்குத்தான் எழுதுவான். மேனேஜர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஹெச்.ஆர். மெயிலும் லேண்ட்லைனும் இருந்தால்தான் பிறகு கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இருக்கும். ஒப்பந்தம் கைக்கு வருவதற்கு முன் ராஜினாமா கொடுக்காதே. ரிலீவிங் ஆர்டர் தனி, இந்தக் கடிதம் தனி. இரண்டும் வேண்டும்.

இந்தக் கப்பல் வேலைக்கு ஒரு ஏஜென்ட் இரண்டரை லட்சம் கேட்கிறான் என்று உங்கம்மா சொன்னாள். நீ என்னிடம் சொல்லவில்லை. மலைக்கு மேலே ஆள் பிடிக்க வந்த ஏஜென்ட்களை நான் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க மும்பையிலிருக்கும் கப்பல் துறைத் தலைமை இயக்ககம் கொடுக்கும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும். அந்த நம்பரைக் கேள், இயக்ககத்தின் வலைத்தளத்தில் பார். இந்தியா 2015ல் ஏற்றுக்கொண்ட கடல் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வேலை வாங்கித் தருவதற்கு உன்னிடம் பணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சி.டி.சி., மெடிக்கல் செலவு உன்னுடையது. விசாகூடக் கப்பல் கம்பெனியின் செலவு. ஒரிஜினல் சர்டிபிகேட் எதையும் அவனிடம் விடாதே, நம் எஸ்.டி. சான்றிதழை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதே. அதை வாங்க உங்கப்பா எத்தனை தடவை கள்ளக்குறிச்சிக்கு இறங்கினார் என்று உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது.

நிறையத் திட்டிவிட்டேன் போலிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. நம் பக்கத்திலிருந்து கப்பல் அடுப்படி வரைக்கும் ஒருத்தன் போகிறான் என்று நான் டீக்கடையில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? உன் கைப்பக்குவம் எனக்குக்கூட வரவில்லை. பொங்கலுக்கு நீ செய்த அந்தச் சாமைப் பாயசத்தை உன் அத்தை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். நீ எங்கே போனாலும் நன்றாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சத்தியமாக.

சாமை அரிசி நாலு படியும் ஒரு பாட்டில் தேனும் கட்டி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உன் சித்தப்பா சென்னைக்கு வரும்போது கொண்டுவருவார். புதுக் கடிதத்தை அதற்குள் எழுதி வை. கையெழுத்துக்குக் கொடுக்குமுன் எனக்கு ஒரு படம் அனுப்பு, ஆறு மணிக்கு மேல் பஸ் நிற்கிற இடத்தில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
மாமா