நோயாளியின் அறையில் வாடை: நீக்குவது எது, மறைப்பது எது?

வலிநிவாரணப் பிரிவிலிருந்து வீடுகளுக்குச் செல்லும்போது, கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டு இருப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். சில வீடுகளில் அதில் காப்பித்தூள் இருக்கும். சில வீடுகளில் ஆப்பச்சோடா. அண்மைக் காலமாகக் கரித்துண்டுகள் நிரம்பிய துணிப்பைகளும் காணப்படுகின்றன. இம்மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அவை மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன.

மார்பகப் புற்றுநோயால் ஆறாத புண் ஏற்பட்டிருந்த ஒரு தாயாரைப் பார்க்கச் சென்றோம். கதவு திறந்தவுடன் காப்பி மணம் வந்தது. அதன் அடியிலிருந்து புண்ணின் வாடையும் வந்தது. மகள் மூன்று கிண்ணங்களில் புதுத்தூளை வைத்திருந்தார். பேரப்பிள்ளைகளை அறைக்குள் விடவேண்டாம் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். தட்டிலிருந்த சோறும் தொடப்படாமல் இருந்தது. “மூன்று நாளாக எனக்கு வாடையே தெரியவில்லை, போய்விட்டது என்றுதான் நினைத்தேன்” என்றார் மகள்.

அவர் பொய் சொல்லவில்லை. ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதற்குப் பழகி, அதை உணர்வதை விட்டுவிடுகிறது. ஆகவே அறைக்குள் இருப்பவரின் மூக்கு நம்பத்தக்க சாட்சியன்று. வீட்டிற்கு வெளியே பத்து நிமிடம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து முகர்ந்தால்தான் உண்மை தெரியும்.

காப்பித்தூளின் வேலை பெரும்பாலும் மறைப்பதே. வறுத்த காப்பியிலிருந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் எழுகின்றன. அவை மூக்கை ஆட்கொள்வதால் மற்ற வாடை பின்னுக்குப் போகிறது. தூளில் நுண்துளைகள் சிறிது உண்டு என்பது மெய்யே. ஆனால் அவற்றுள் எண்ணெய்ப் பசையும் காப்பியின் சொந்த மணமும் நிறைந்திருப்பதால், வேறொன்றுக்கு அங்கே இடம் குறைவு. அதைவிட முக்கியமானது, டிகாக்‌ஷன் இறக்கிய ஈரத்தூளைக் கிண்ணத்தில் வைத்தால் நமது காற்றின் ஈரப்பதத்தில் ஓரிரு நாட்களிலேயே பூஞ்சை பூக்கத் தொடங்கிவிடும் என்பதே. கீமோதெரபி பெறுபவர் படுத்திருக்கும் அறையில் அது வேண்டாத ஆபத்து. காப்பியை வைக்கத்தான் வேண்டுமென்றால் உலர்ந்த தூளையே வையுங்கள். விருந்தினர் வரும் ஒரு மணிநேரத்திற்கான திரை அது, அவ்வளவே. குமட்டல் உள்ள நோயாளிக்கு அந்த மணமே தொல்லையாகக்கூடும் என்பதால் அவரைக் கேட்டுவிட்டு வைப்பது நலம்.

ஆப்பச்சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், சில வாடைகளை மெய்யாகவே அழிக்கிறது. வியர்வை, புளித்த பால், வாந்தி ஆகியவற்றின் வாடைக்குப் பெரும்பாலும் காரணம் அமிலங்கள். மென்மையான காரமாகிய சோடா அவற்றுடன் சேர்ந்து, காற்றில் எழாத உப்பாக மாற்றிவிடுகிறது. ஆனால் இதற்கு அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று தொடவேண்டும். கிண்ணத்தில் குவித்து வைத்த சோடாவில் மேலடுக்கு மட்டுமே காற்றைத் தொடுகிறது. அதனால் அதைக் கிண்ணத்தில் வைப்பதைவிட, வியர்வை படிந்த மெத்தையின்மீது மெல்லியதாகத் தூவி, இரண்டு மூன்று மணிநேரம் விட்டுத் துடைத்தெடுப்பது பலமடங்கு பயனளிக்கும். தூவும்போதும் துடைக்கும்போதும் நோயாளி வேறிடத்தில் இருக்கட்டும்; தூசு மூச்சைத் தொல்லைப்படுத்தும்.

சிறுநீர் வாடையில் சோடா தோற்றுப்போகிறது. புதுச் சிறுநீருக்கு வாடை குறைவு. தேங்கிய சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றும்போதுதான் அந்தக் கடுநெடி பிறக்கிறது. அம்மோனியாவும் காரமே, காரத்தைக் காரம் அடக்காது. நனைந்த துணியை உடனே குளிர்நீரில் அலசி, அரை வாளி நீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர் கலந்து அரைமணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். வினிகரையோ சிறுநீர் நனைந்த துணியையோ பிளீச்சுடன் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு எழும்.

இனி கரி. கடைகளில் ‘ஆக்டிவேட்டட் கார்பன்’ என்ற பெயரில் கிடைப்பது அடுப்புக்கரியன்று. தேங்காய்ச் சிரட்டை போன்றவற்றைக் கரியாக்கி, பின்னர் மிகுந்த வெப்பத்தில் நீராவியால் அதனுள் எண்ணற்ற நுண்துளைகளை உண்டாக்குகிறார்கள். இப்படிச் செய்த ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்துப் பார்த்தால் ஐந்நூறு சதுரமீட்டருக்கும் மேல் வரும். வாடைப்பொருள்கள் அப்பரப்பில் ஒட்டிக்கொண்டு காற்றை விட்டு நீங்குகின்றன. அமிலம், கந்தகம் கலந்தவை, அழுகலிலிருந்து எழும் பல பொருள்கள் என அது பிடிப்பவை பலவகை. அம்மோனியாவை மட்டும் சாதாரணக் கரி நன்றாகப் பிடிப்பதில்லை. ஈரம்பட்டால் துளைகள் அடைபட்டு வேலை குறைகிறது.

அறையின் நடுவே பையைத் தொங்கவிட்டால் பயன் குறைவு. வாடைப்பொருள் தானாக அதைத் தேடி வருவதில்லை. வாடை பிறக்குமிடத்தை ஒட்டி, மூடிய சிற்றிடத்தில் வைத்தால்தான் கரி பலிக்கிறது. கட்டுத்துணிகளைப் போடும் மூடியிட்ட குப்பைத்தொட்டியின் மூடிக்கு உட்புறம் இருநூறு கிராம் கரிக்குருணையைப் பருத்திப் பையில் பரப்பிக் கட்டலாம். குடல்திறப்புப் பைகள் பலவற்றின் மேல்முனையிலுள்ள சிறு வடிகட்டியிலும் இதே கரிதான் உள்ளது. குளிக்கும்போது அதன்மீது ஒட்டச் சிறு ஒட்டுகளைத் தருவதற்குக் காரணம், நனைந்தால் அது பயனற்றுப்போகும் என்பதே. பையை வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும். ஆனால் பிடித்துக்கொண்ட பொருள்கள் முழுவதும் போய்விடா.

ஐயமிருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. மூடியுள்ள ஒரே அளவான இரண்டு டப்பாக்களில் நறுக்கிய வெங்காயத்தை ஒருமணி நேரம் வைத்து எடுத்துவிடுங்கள். ஒன்றில் உங்கள் பொருளைத் தட்டில் பரப்பி வைத்து, இரண்டையும் ஓர் இரவு மூடிவையுங்கள். காலையில் அப்பொருளை எடுத்துவிட்டு, சற்றுநேரம் வெளியே உலவியபின் இரண்டையும் முகருங்கள். வெங்காய வாடை இரண்டிலும் ஒரேமாதிரி இருந்தால் அப்பொருள் மறைத்ததேயன்றி நீக்கவில்லை.

அந்தத் தாயாரின் வீட்டிற்குத் திரும்புவோம். புண்ணில் வளரும், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களே அவ்வாடையைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டிருந்தன. ஊற்று அடைபடாதவரை எந்தத் தட்டும் போதாது. மருத்துவர் மெட்ரோனிடசோல் பரிந்துரைத்தார். செவிலியர் நாள்தோறும் உப்புநீரால் புண்ணைக் கழுவி, ஒட்டாத கட்டை அடியிலும், கசிவை உறிஞ்சும் பஞ்சுக்கட்டை அதன்மேலும், கரியடங்கிய கட்டை எல்லாவற்றிற்கும் வெளியே உலர்ந்த அடுக்காகவும் வைத்து, நான்கு ஓரங்களையும் நன்றாக ஒட்டினார். ஓரம் திறந்திருந்தால் வாடை கரியின் வழியே செல்லாமல் பக்கவாட்டில் தப்பிவிடும். வெளியடுக்கில் ஈரக்கறை தெரிந்த நாளில் வாடை திரும்பியது. அன்றே கட்டு மாற்றப்பட்டது. கடைக் கரித்தூளையோ சோடாவையோ காப்பித்தூளையோ புண்ணில் இடக்கூடாது என்பதை மகளிடம் இருமுறை சொன்னோம். கரி மாத்திரையை விழுங்கினால் அது வயிற்றில் மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொள்ளும் என்பதால், மருத்துவரைக் கேளாமல் அதையும் தரலாகாது.

ஒரு வாரம் கழித்துச் சென்றபோது காப்பிக் கிண்ணங்கள் அடுக்களைக்குத் திரும்பியிருந்தன. இளைய பேத்தி கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.